14 பேர், 7 நிமிடம்: டிரையர் மாற்றிய குழுவுக்கு விருது நாளில் என்ன பேசுவது?

கேள்வி: பீர்மேடு பக்கம் ஒரு டீ எஸ்டேட் பேக்டரியில் மேனேஜராக இருக்கிறேன். ஜனவரியில் பழைய டிரையரைக் கழற்றிப் புதுசு மாட்ட ஆரம்பித்தோம். 45 நாளில் முடிய வேண்டிய வேலை 63 நாள் ஆனது. நடுவில் ஒருத்தருக்குக் கையில் அடிபட்டது. வேலை பார்த்த 14 பேருக்கு மே மாதம் விருது கொடுக்கிறோம். எனக்குப் பேச 7 நிமிடம். எல்லார் பேரையும் சொல்லணுமா? தாமதத்தையும் அடிபட்டதையும் சொல்லலாமா? ஆட்களில் தமிழ், மலையாளம், அசாம்காரர்கள் மூன்றும் உண்டு. எப்படிப் பேசுவது?

பதில்: உங்கள் முன்னால் உட்காரப் போகிறவர்களுக்கு அந்த 63 நாளும் உங்களைவிட நன்றாகத் தெரியும். இந்தப் பேச்சில் உள்ள சிக்கல் அதுதான். "இரவு பகல் பாராமல் உழைத்தார்கள்" என்று நீங்கள் சொன்னால், எந்த இரவு, யார் இருந்தார்கள், யார் பத்து மணிக்கே லயத்துக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் கூட்டத்துக்குள் ஓடும். பொதுவாகப் பாராட்டினால் "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்பார்கள். தப்பான விவரம் சொன்னால் அதற்குமேல் எதுவும் காதில் ஏறாது. ஆகவே பேச்சை எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலைதான் பெரிது. அதற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும்.

அந்த 14 பேரிடமும் தனித்தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். ஆபீசுக்குக் கூப்பிட வேண்டாம், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு நீங்கள் போங்கள். "உங்க பங்கு என்ன?" என்று கேட்டால் கூச்சப்பட்டு "எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதான் சார்" என்பார்கள். நல்ல பதில் வரவைக்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "இது முடியாதுன்னு நெனச்ச நாள் எது?" மற்றொன்று, "அன்னிக்கு யார் வந்து கை கொடுத்தா?" முதல் கேள்வியில் வேலையின் முடிச்சு எங்கே விழுந்தது என்று தெரியும். இரண்டாவதில் அடுத்தவர் பெயர் வரும். தன்னைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறவரும் அடுத்தவரைப் பற்றித் தாராளமாகச் சொல்வார். மேடையில் நீங்கள் சொல்லப் போகும் ஒவ்வொரு செய்தியும் குறைந்தது இரண்டு பேர் வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும். பிறகு டிரையர் லாக் புத்தகம், கேட் ரிஜிஸ்டர், ஸ்டோரில் சாமான் எடுத்த பதிவு ஆகியவற்றோடு தேதிகளை ஒத்துப் பாருங்கள். நினைவில் தேதிகள் நகர்ந்துவிடும். பிப்ரவரி கடைசியில் நடந்ததை மூன்று பேர் மார்ச் என்று சொல்வது சாதாரணம்.

இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் 14 பேர் பட்டியலில் இல்லாத சில பெயர்கள் வரும். விருதுப் பட்டியல் பெரும்பாலும் வேலை உத்தரவில் இருந்த பெயர்களை வைத்துத் தயாராகும். டிரையர் மாற்றுகிற வேலையோ அந்தக் காகிதத்தைத் தாண்டி நடக்கும். மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதல் இடம், கொழுந்து போன வழி. உங்கள் டிரையர் நின்றிருந்த நாட்களில் பறித்த இலை எங்கோ போய்த்தான் ஆக வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நம் மலையில் மகசூல் குறைவு என்பதால்தான் வேலையை அப்போது வைத்திருப்பீர்கள். குறைவு என்றாலும் இலை நிற்காது. வேறு பேக்டரிக்கு அனுப்பியிருந்தால், சாக்கில் இலை சூடேறிச் சிவந்து போகாமல் தினமும் நேரத்துக்குக் கொண்டு சேர்த்த டிரைவரும் எடை போட்டவரும் இருப்பார்கள். இரண்டாவது இடம், மலை ஏறிய வழி. மிஷின் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்திருந்தால் கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளி மலைப்பாதை ஏறியிருக்கும். நீளமான பகுதிகள் கொண்டை ஊசி வளைவில் திரும்பாமல் சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டி வந்திருக்கலாம். அப்படியானால் அங்கே நடுராத்திரி நின்றவர்கள் யார் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது இடம் சல்லடை ரூம். இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், அதிகம் விட்டுப்போவது இதுதான். காற்றில் தூளை மிதக்கவைத்துக் காயவைக்கும் புது டிரையரை ஓட்டிப் பார்க்கும்போது வரும் தொல்லைகள் இரண்டு. அடித்தட்டின் துளை வழியாகக் காற்று சமமாக ஏறாவிட்டால் தூள் ஓரிடத்தில் கொதிக்கும், ஓரிடத்தில் படுத்துக் கிடக்கும். இது கண்ணுக்குத் தெரியும், டேம்பரைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வார்கள். மற்றது கண்ணுக்குத் தெரியாது. சூடு கூடிப்போனால் தூளின் மேல்தோல் சட்டென்று காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். டிரையர் வாயில் அள்ளிப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். சில மணி நேரம் கிடந்த பிறகு உள்ளீரம் வெளியே வந்து, விரலில் நசுக்கினால் மொறுமொறுப்பில்லாமல் போகும். இதை முதலில் கண்டுபிடிப்பது மிஷின் மாட்டிய ஃபிட்டராக இருப்பது குறைவு. சலிக்கிற, நார் எடுக்கிற பெண்களின் விரலுக்குத்தான் முதலில் தெரியும். ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி நிற்கும்வரை டீ மேக்கரும் டிரையர்காரரும் சூட்டை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில், "இன்னைக்குத் தூள் சரியில்ல" என்று வந்து சொன்ன அக்கா யார்? உங்கள் பேக்டரியில் இப்படி நடந்திருக்காமலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். நடந்திருந்தால் அவர் பெயர் உங்கள் பேச்சில் வந்தே ஆக வேண்டும். விருது 14 பேருக்குத்தான் என்று முடிவாகிவிட்டாலும் பேச்சில் பெயர் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அடுத்து நேரக் கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல்தான் போகும். 7 நிமிடத்துக்கு 600 சொல் என்று தோன்றும், ஆனால் கைதட்டலும் மூச்சு வாங்குவதும் மைக் இரைவதும் போக 500 சொல் எழுதினால் போதும். அதை இப்படிப் பிரிக்கலாம்: வேலை எங்கே சிக்கியது என்று சொல்ல 120 சொல். 14 பேருக்கும் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் சேர்த்து 250. தாமதத்துக்கும் காயத்துக்கும் 80. மிச்சம் 50 முடிவுக்கு. ஆளுக்கு 15, 18 சொல் என்பது குறைவாகத் தோன்றும். ஒரு நல்ல வாக்கியத்துக்கு அது போதும். ஆகவே எல்லார் பெயரையும் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். பெயரை மட்டும் வரிசையாகப் படித்தால்தான் அது பெரட்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வினை இருக்கட்டும்: தூக்கினார், கண்டுபிடித்தார், வேண்டாம் என்று நிறுத்தினார், திரும்பக் கழற்றினார்.

வரிசை பதவிப்படி போகக் கூடாது. என்ஜினியரில் ஆரம்பித்து ஹெல்ப்பரில் முடித்தால், கடைசி நான்கு பேர் பெயர் வரும்போது கூட்டம் டீக்கு எழுந்துவிடும். வேலை நடந்த வரிசையில் போங்கள்: கழற்றினவர்கள், அஸ்திவாரம் போட்டவர்கள், மேலே ஏற்றினவர்கள், மின்சாரம் கொடுத்தவர்கள், ஓட்டிச் சரிபார்த்தவர்கள். அப்போது ஹெல்ப்பர் பெயர் முதலிலும் வரலாம், கதையும் தானாக நகரும். ஒருவர் இரண்டு இடத்தில் வந்தால் எங்கே அவர் பங்கு கனமோ அங்கே ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். இரண்டு முறை பெயர் கேட்டவர் யார் என்று மற்ற 13 பேரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். தேதியும் விவரமும் நான் வைத்துக்கொண்டவை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். "ஜனவரி பத்தாம் தேதி பழைய டிரையர்ல கடைசித் தூள் இறங்குச்சு. அன்னிக்கு சாயங்காலமே அடுப்ப அணைச்சோம். மறுநாள்ல இருந்து நம்ம கொழுந்து நம்ம பேக்டரிக்குள்ள வரல. அறுபத்தி மூணு நாள் வரல. அந்த அறுபத்தி மூணு நாள்ல என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். யார் என்ன செஞ்சாங்கன்னு முழுசா எனக்கே போன மாசம்தான் தெரிஞ்சுது. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதச் சொல்றேன்." இதில் வணக்க வரிசை கிடையாது. மேடையில் இருக்கும் பெரியவர்கள் பெயரைச் சொல்லி வணங்குவதை உங்களுக்கு முன் பேசுபவரிடமோ அறிவிப்பாளரிடமோ விட்டுவிடுங்கள். அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் ஏழில் ஒன்றரை நிமிடம் போய்விடும். சங்கத் தலைவர்கள் வந்திருந்தால் யாரை முதலில் சொன்னார் என்ற பேச்சும் கிளம்பும்.

நடுப்பகுதிக்கு ஒரு மாதிரி: "பழைய அஸ்திவாரத்துல புது மிஷினோட போல்ட் துளை ஒக்காரல. ஒடச்சுத்தான் ஆகணும்னு மொதல்ல சொன்னது" என்று அவர் பெயர். "அவர் சொன்னப்ப நான் ஒத்துக்கல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஒத்துக்கிட்டேன். ஒடச்சவங்க நாலு பேர்" என்று நான்கு பெயர். "பக்கத்துல சல்லடை ரூம், தூசி போகக் கூடாதுன்னு ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டு ஒடச்சாங்க." இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "சிறந்த ஒத்துழைப்பு" என்ற சொல்லே வரவில்லை, ஒத்துழைப்பு மட்டும் தெரிகிறது. "நான் ஒத்துக்கல" என்று மேனேஜர் சொல்வது முக்கியமான வரி. ஒருவர் எதிர்த்துச் சொன்னது சரியாக இருந்தது என்று எல்லார் முன்னாலும் வைத்தால், அடுத்த வேலையில் அவரும் மற்றவர்களும் சீக்கிரம் வாய் திறப்பார்கள். அது உண்மையில் நடந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

தாமதத்தைச் சொல்லலாமா என்றால், கட்டாயம் சொல்லுங்கள். 45 நாள் என்ற கணக்கு அங்கே எல்லாருக்கும் தெரியும். அதை மறைத்து "குறித்த காலத்தில்" என்றால் பேச்சு அங்கேயே விழுந்துவிடும். ஆனால் காரணத்தை எப்படிச் சொல்வது என்பதில் மூன்று விதம் உண்டு. பொருளால் வந்த தாமதமானால் நேராகச் சொல்லலாம். புது அஸ்திவாரம் போட்டிருந்தால் கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் கணக்கு. அதில் பாதியை யாராலும் சுருக்க முடியாது என்று சொன்னால் கூட்டம் ஒத்துக்கொள்ளும். கணக்கால் வந்த தாமதமானால், அதாவது 45 என்பதே பழைய அஸ்திவாரம் ஒத்துவரும் என்ற நம்பிக்கையில் போட்டது என்றால், "நாப்பத்தஞ்சு நாள்னு எழுதினது நான். அஸ்திவாரத்த அளக்காம எழுதிட்டேன்" என்று நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரே வரியில். ஒரு ஆளின் தவறால் வந்ததானால் மேடையில் அதைத் தொடவே வேண்டாம். பெயர் சொல்லாமல் குறிப்பாகச் சொன்னாலும் எல்லாருக்கும் யாரென்று தெரியும். அதைப் பேச வேறு நாள், வேறு அறை இருக்கிறது. "தாமதமானாலும் முடித்தார்கள்" என்ற வாக்கியமும் வேண்டாம். அதில் தாமதம் அவர்களுடையது, பெருந்தன்மை உங்களுடையது என்று கேட்கும்.

அடிபட்ட விஷயம் அதைவிட மென்மையானது. முதலில் அவரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். பெயரோடு சொல்லலாமா, பெயரில்லாமல் சொல்லலாமா, சொல்லவே வேண்டாமா என்ற மூன்றையும் வைத்து அவரே தேர்ந்தெடுக்கட்டும். இழப்பீட்டு மனு எதுவும் நிலுவையில் இருந்தால் எப்படி அடிபட்டது, யார் கவனக்குறைவு என்ற பேச்சுக்கே போகாதீர்கள். மேடையில் சொன்னது நாளைக்கு ஒரு பக்கத்துக்குச் சாட்சியாகும். சொல்வதானால், அதனால் என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள்: "பிப்ரவரியில இவருக்குக் கையில அடிபட்டுச்சு. அன்னையிலிருந்து செயின் பிளாக் போடாம ஒரு தகட்டக்கூடத் தூக்கல. வேலை மெதுவாச்சு. அது சரிதான்." கடைசி இரண்டு சொல்லும் மேனேஜர் வாயிலிருந்து வர வேண்டியவை.

"கட்டுப் போட்ட கையோட மறுநாளே வந்து நின்னார்" என்று மட்டும் புகழாதீர்கள். மனசுக்குள் அது பெருமையாகத்தான் தோன்றும். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு, அடிபட்டால் வீட்டில் இருப்பது குறைச்சல் என்ற பாடம் அதில் இருக்கிறது. "முப்பது மணி நேரம் வீட்டுக்கே போகல" என்பதும் அப்படித்தான், அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி என்பது சட்டம். அந்த முப்பது மணி நேரம் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் சரியாக ஏறவில்லை என்றால், நிர்வாகமே ஒலிபெருக்கியில் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நேரத்தைப் புகழ்வதைவிட அந்த நேரத்தில் என்ன செய்தார் என்பதைப் புகழ்வது எப்போதும் நல்லது.

இங்கே ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்து. 2016இல் அமெரிக்காவின் ஒரு சலவை ஆலையை வைத்து வெளிவந்த ஆய்வில், நேரத்துக்கு வருவதற்கு விருது வைத்தபோது, ஏற்கெனவே விருதில்லாமலே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலை வேகம் குறைந்தது தெரிந்தது. தானாகச் செய்ததைப் பரிசுக்காகச் செய்த மாதிரி ஆக்கிவிட்டால் அவர்களுக்குச் சுருக்கென்கிறது. ஆகவே வருகையைப் புகழ்வதில் எனக்கு எச்சரிக்கை அதிகம். அதே ஆண்டு வந்த இன்னொரு கள ஆய்வில், சில மணி நேரத்துக்கு டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்த 300க்கும் மேற்பட்டோரில், குழுவில் மிக நன்றாகச் செய்தவர்களுக்கு மட்டும் நன்றி அட்டை கொடுத்தபோதுதான் அடுத்த சுற்றில் வேலை அதிகம் கூடியது. கூட்டியவர்கள் பெரும்பாலும் அட்டை கிடைக்காதவர்கள். அப்படியானால் எல்லாரையும் சொல்லாமல் மூன்று பேரை மட்டும் சொல்லலாமே என்று கேட்கலாம். உங்கள் இடத்துக்கு அது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் ஒருநாள் சந்தித்துப் பிரிந்தவர்கள், தனித்தனியே அளக்கக்கூடிய வேலை செய்தவர்கள். உங்கள் 14 பேர் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள், ஒரே மிஷினை ஆளுக்கு ஒரு மூலையில் பிடித்துத் தூக்கியவர்கள். இது என் தீர்ப்பு மட்டுமே, அளந்து நிரூபித்ததல்ல. பொதுவாக "எல்லாருக்கும் நன்றி" என்பதைவிடக் குறிப்பாகச் செய்ததைச் சொல்லும் நன்றிதான் பலிக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மொழிக்கு வருவோம். பேச்சின் உடல் தமிழிலேயே இருக்கட்டும். பீர்மேட்டுப் பக்கம் மலையாளம் பேசும் ஊழியர்களுக்குத் தமிழ் புரியும், அது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று மொழியில் திருப்பிச் சொன்னால் ஏழு நிமிடம் இருபது ஆகி, மூன்று கூட்டமும் மற்ற இரண்டு மொழி வரும்போது பேச ஆரம்பித்துவிடும். மலையாளம் பேசும் ஒருவரைப் பற்றிய வரியை மட்டும் மலையாளத்தில் சொல்லுங்கள். கலந்து பேசும்போது இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்து பொருள் மாறும் சொற்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். "குழியில் வெள்ளம்" என்றால் மலையாளக்காரருக்கு வெறும் தண்ணீர், தமிழருக்கு மழை புரட்டிப்போட்ட கதை. அசாம்காரர்களுக்கு இரண்டு வாக்கியம் இந்தியில் போதும். அவர்கள் வீட்டுமொழி அசாமியோ வங்காளமோ சாத்ரியோ என்று முன்கூட்டிக் கேட்டு, அந்த மொழியில் ஒரு நன்றிச் சொல் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. இந்தியில், "ஆப் லோகோங் கே பினா யஹ் டிரையர் கடா நஹீங் ஹோதா" (நீங்கள் இல்லாமல் இந்த டிரையர் நின்றிருக்காது) என்பது போலக் குட்டையாக இருக்கட்டும். அவர்களில் ஒருவரிடமே சொல்லிக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பேச்சின் தமிழ் பாகத்தில் அவர்கள் பெயர் வரும் இடத்தையும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். மொழி புரியாமல் உட்கார்ந்திருப்பவர் தன் பெயருக்கு எல்லாரும் கைதட்டும்போது தலை நிமிராமல் இருப்பது பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

மரியாதை விகுதி சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கேட்பவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான். தமிழில் ஒருவரைப் பற்றி வாய் திறந்தாலே அவரை எங்கே வைத்திருக்கிறோம் என்று வினையின் வாலில் தெரிந்துவிடும். என்ஜினியர் "செஞ்சாரு", ஹெல்ப்பர் "செஞ்சான்", சல்லடை ரூம் அக்கா "செஞ்சா" என்று வந்தால் நீங்கள் கொடுத்த கேடயத்தை அந்த ஒற்றை எழுத்து திருப்பி வாங்கிக்கொள்ளும். தினசரி வேலையில் நீங்கள் எப்படிக் கூப்பிட்டாலும் அன்று எல்லாருக்கும் ஒரே விகுதி. என்ஜினியருக்குத் "திரு" போட்டால் 14 பேருக்கும் திரு, திருமதி. வேண்டாமென்றால் யாருக்கும் வேண்டாம். வயதில் மூத்தவரை அண்ணன், அக்கா என்று சொல்லும் பழக்கம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் சொல்லலாம். அன்று மட்டும் புதிதாக ஆரம்பித்தால் பொய்யாகக் கேட்கும்.

பெயரை செக்ரோலிலிருந்து படிக்காதீர்கள். தமிழ்ப் பெயர் மலையாளக் கணக்கர் கையில் ஆங்கிலத்தில் ஏறும்போது g வர வேண்டிய இடத்தில் k விழும். தங்கராஜ் "தன்கராஜ்" என்றும் முருகன் "முருக்கன்" என்றும் வாசிக்கப்படும். கேடயத்திலும் சான்றிதழிலும் அச்சாகும் முன் ஒவ்வொருவரிடமும் காட்டி, "இப்படித்தானே?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இனிஷியலும் சேர்த்து. அச்சடித்த பிறகு திருத்தினால் ஸ்டிக்கர் ஒட்டிய கேடயம்தான் வீட்டு அலமாரியில் நிற்கும். பிறகு உங்கள் தாளில் பெயரை நீங்கள் உச்சரிக்கும் விதமாகத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லக் கூடாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பது ஒன்று. 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், போனஸ் 20 சதவீதம் கேட்டு, சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அதில் வந்தது. உங்கள் பீர்மேடும் அதே மாவட்டம்தான். கூலியும் போனஸும் லயத்தின் ஓட்டைக் கூரையும் மனதில் இருக்கிற கூட்டத்தில் குடும்பம் என்ற சொல் எதிர்ப்பேச்சைத்தான் வரவழைக்கும். மற்றது, "நிர்வாகம் உங்களைக் கவனிக்கும்" என்ற வகை வரி. நீங்கள் மரியாதைக்குச் சொன்னதை அவர்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்துக்கொள்வதில் தப்பும் இல்லை. கேடயத்தோடு பணமும் இருந்தால் தொகையையும் கொடுக்கும் தேதியையும் சொல்லுங்கள். இல்லையென்றால் பணத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

முடிவில் அடுத்த வருட இலக்கு, உற்பத்தி, போட்டி என்று போகாதீர்கள். பேச்சு அன்று அவர்களுடையது. மிஷினிடம் திரும்பிவிடுவது எளிய வழி: "நேத்து ராத்திரி எத்தன கிலோ இறங்குச்சு, ஈரம் எவ்வளவு நின்னுச்சுன்னு லாக் புத்தகத்தப் பாத்துட்டு வந்தேன்" என்று அந்த இரண்டு எண்ணையும் படித்துவிட்டு, முதல் பெயரைக் கூப்பிடலாம். உண்மையில் பார்த்துவிட்டுப் போங்கள். பேச்சில் வேறு எண்கள் அதிகம் வேண்டாம். 63ஐயும் இந்த இரண்டையும் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

கடைசியாக ஏற்பாடு. மே மாதம் நம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை வரும். தகரக் கூரைக்குக் கீழ் மழை விழுந்தால் மைக்கே கேட்காது. ஆகவே காலை பத்துக்குள் வையுங்கள், சல்லடை ரூம் ஷிப்டும் வரக்கூடிய நேரமாகப் பார்த்து. இரண்டு முறை கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். ஒருமுறை டீ மேக்கர் முன்னால், ஒருமுறை குழுவில் யாராவது ஒருவர் முன்னால். அவர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் விவரம் தப்பாக இருக்கும். கேடயம் கொடுக்கும்போது ஆளுக்கு 20 வினாடி, 14 பேருக்கு ஐந்து நிமிடம், அதை உங்கள் ஏழில் சேர்க்க வேண்டாம் என்று அறிவிப்பாளரிடம் சொல்லி வையுங்கள். கேடயங்களை நீங்கள் பெயர் சொல்லும் அதே வரிசையில் மேசையில் அடுக்க ஒருவரை நிறுத்துங்கள். இரவு ஷிப்டில் இருந்து வர முடியாதவர் யாராவது இருந்தால் அவருடையதை மேசையில் விட்டுவிடாமல், அன்று மாலை டிரையர் பக்கத்தில் வைத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அவருக்காக எழுதிய அந்த ஒரு வரியையும் சொல்லி.